ஒரு புள்ளியில் உறையும் புரோகிராம்

2016 ஜூலை 20 அன்று, இந்திய நேரப்படி இரவு 8.14 மணிக்கு ஸ்டேக் ஓவர்ஃப்ளோ தளம் படுத்துவிட்டது. உலகெங்கும் உள்ள புரோகிராமர்கள் சந்தேகம் வந்தால் அன்று முதலில் எட்டிப்பார்த்த இடம் அது. யாரும் தாக்கவில்லை, சர்வர் எதுவும் எரிந்துபோகவில்லை, டேட்டாபேஸும் நலமாகவே இருந்தது. ஆனாலும் 34 நிமிடங்களுக்குத் தளம் திறக்கவில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்க 10 நிமிடம், மாற்றுக் கோடு எழுத 14 நிமிடம், அதை எல்லா சர்வர்களுக்கும் அனுப்ப 10 நிமிடம் ஆனதாக அந்த நிறுவனமே பிறகு கணக்குச் சொன்னது.

காரணம் இதுதான். யாரோ ஒருவர் போட்ட பதிவில், கோடின் கமென்ட் வரி ஒன்றுக்குள் தொடர்ச்சியாக ஏறத்தாழ 20,000 வெற்றிடக் குறிகள் இருந்தன. வரியின் தொடக்கத்திலும் முடிவிலும் இருக்கும் வெற்றிடத்தை வெட்டியெறிய அந்தத் தளம் ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷனைப் பயன்படுத்தி வந்தது:

```
^[\s\u200c]+|[\s\u200c]+$
```

அந்தப் பதிவு முகப்புப் பக்கப் பட்டியலில் வந்ததும், முகப்பைத் திறக்கும் ஒவ்வொருவருக்காகவும் இந்த ரெஜெக்ஸ் ஓடியது. ஒவ்வொரு ஓட்டமும் சிபியுவைத் தின்றது. சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க லோட் பேலன்சரும் இதே முகப்பைத்தான் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பதில் வரத் தாமதமானதால் சர்வர்களை ஒவ்வொன்றாகச் சுற்றிலிருந்து நீக்கியது. அதன் பிறகு தளத்தில் எந்தப் பக்கமும் கிடைக்கவில்லை.

வெற்றிடத்தை வெட்டும் ஒற்றை வரிக்கு இவ்வளவு வலு எங்கிருந்து வந்தது? ரெஜெக்ஸ் என்ஜின் உள்ளே எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்த்தால் விடை கிடைக்கும்.

தோற்றதை மறந்துவிடும் என்ஜின்

மேலே உள்ள பேட்டர்னில் `|` குறிக்கு வலப்பக்கம் இருப்பதை மட்டும் எடுத்துக்கொள்வோம். "ஒன்றோ அதற்கு மேலோ வெற்றிடம், அதையடுத்து வரியின் முடிவு" என்பது அதன் பொருள். படிக்கும் மனிதருக்கு உடனே தோன்றும் வழி, வரியின் கடைசிக்குப் போய் அங்கிருந்து பின்னோக்கிப் பார்ப்பது. என்ஜினுக்கு அந்த யோசனை கிடையாது. அது இடமிருந்து வலமாகத்தான் போகும்.

முதல் வெற்றிடத்தைக் கண்டதும் "இங்கிருந்து தொடங்கிப் பார்ப்போம்" என்று அது விழுங்க ஆரம்பிக்கிறது. `+` பேராசை பிடித்தது. கிடைத்த வரை அள்ளும். 20,000 வெற்றிடங்களையும் விழுங்கிவிட்டு, "இப்போது வரி முடிகிறதா?" என்று பார்க்கிறது. முடியவில்லை, அங்கே ஓர் எழுத்து நிற்கிறது. உடனே என்ஜின் தோல்வியை ஒப்புக்கொள்வதில்லை. விழுங்கியதில் ஒன்றைக் கக்கி, 19,999 வெற்றிடங்களோடு நிறுத்தினால் வரி முடிகிறதா என்று பார்க்கிறது. முடியவில்லை. 19,998? அதுவும் இல்லை. இப்படிப் பின்வாங்கிப் பின்வாங்கி வேறு வழி தேடுவதற்குத்தான் பேக்டிராக்கிங் என்று பெயர்.

ஒன்று வரை இறங்கிப் பார்த்தும் பொருத்தம் இல்லை என்றான பிறகு, தொடங்கிய இடம் தவறு என்று முடிவுசெய்து அடுத்த வெற்றிடத்துக்கு நகர்கிறது. அங்கிருந்து 19,999 வெற்றிடங்களை மீண்டும் விழுங்குகிறது. அதே எழுத்தில் போய் முட்டி நிற்கிறது. மறுபடி பின்வாங்கல். பிறகு மூன்றாவது வெற்றிடத்திலிருந்து 19,998. இப்படியே கடைசி வரை.

20,000 + 19,999 + 19,998 என்று கூட்டிக்கொண்டே போனால் ஏறத்தாழ 20 கோடி வரும். விழுங்குவதற்கு மட்டும் இவ்வளவு. பின்வாங்கும் படிகள் தனி. 20,000 எழுத்துள்ள ஒரு வரிக்காக 20 கோடி முறை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. அதுவும் முகப்பைத் திறக்கும் ஒவ்வொருவருக்காகவும்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முதல் முயற்சியிலேயே என்ஜின் அந்த எழுத்தில் போய் முட்டிவிட்டது. இந்த வெற்றிடக் கூட்டத்துக்குப் பின்னால் வரி முடியவில்லை என்ற செய்தி அப்போதே அதன் கைக்கு வந்துவிட்டது. ஆனால் அதை எங்கும் குறித்துவைக்கவில்லை. அதனால் அடுத்தடுத்த முயற்சிகளில் அதே உண்மையைப் பல்லாயிரம் முறை புதிதாகக் கண்டுபிடித்தது. இந்த மறதிதான் நம் கதையின் மையம்.

ஒரு பெயரும் ஒரு புள்ளியும்

ஸ்டேக் ஓவர்ஃப்ளோவில் நடந்தது, உண்மையில் இந்த நோயின் மிதமான வகை. வெற்றிடம் இரண்டு மடங்கானால் வேலை நான்கு மடங்காகும், அவ்வளவுதான். அந்த வகையில் சர்வர் திணற வேண்டுமென்றால் ஆயிரக்கணக்கான எழுத்துகள் வேண்டும். கடுமையான வகைக்கு முப்பது எழுத்து போதும்.

பதிவுப் படிவம் ஒன்றில் பெயரைச் சரிபார்க்க ஒருவர் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்:

```
^([a-z]+ ?)+$
```

சிற்றெழுத்துகள் ஒன்றோ பலவோ, அதன்பின் ஓர் இடைவெளி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இந்தத் தொகுதி எத்தனை முறை வேண்டுமானாலும் வரலாம். அதோடு வரி முடிய வேண்டும். "anitha", "anitha devi" இரண்டும் தேறும். கோடு ரிவியூவில் யாரும் இதைத் தடுத்து நிறுத்தியிருக்க மாட்டார்கள். எழுதிய நோக்கமும் சரிதான்.

இப்போது ஒருவர் பெயரோடு புள்ளி வைத்து இனிஷியலையும் சேர்த்துத் தட்டுகிறார்: `thirugnanasambandamoorthi.k`. புள்ளிக்குப் பேட்டர்னில் இடமில்லை. "தவறான பெயர்" என்று ஒரே நொடியில் சொல்லியிருக்க வேண்டும். புரோகிராம் பேச்சுமூச்சில்லாமல் நிற்கிறது.

ஏன் என்பதைச் சின்ன உதாரணத்தில் பார்ப்போம். உள்ளீடு `abc.` மட்டும் என்று கொள்ளுங்கள். என்ஜின் முதலில் `abc` முழுவதையும் ஒரே தொகுதியாக விழுங்குகிறது. அடுத்து வரி முடிய வேண்டும். ஆனால் புள்ளி நிற்கிறது. தோல்வி. பின்வாங்கி `ab` என்று நிறுத்துகிறது. இடைவெளி இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று பேட்டர்னே சொல்லியிருப்பதால், `c` இரண்டாவது தொகுதியாகிறது. மறுபடி புள்ளி. தோல்வி. இன்னும் பின்வாங்கி `a`, அடுத்த தொகுதி `bc`. புள்ளி. தோல்வி. கடைசியாக `a`, `b`, `c` என்று மூன்று தொகுதிகள். அதே புள்ளி, அதே தோல்வி.

மூன்று எழுத்தைப் பிரிக்க நான்கு வழிகள். எழுத்துகளுக்கு நடுவே இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒவ்வோர் இடத்திலும் வெட்டலாம், வெட்டாமலும் விடலாம். இரண்டை இரண்டால் பெருக்கினால் நான்கு. ஓர் எழுத்து கூடினால் வெட்டக்கூடிய இடம் ஒன்று கூடும், வழிகள் இரட்டிக்கும்.

திருஞானசம்பந்தமூர்த்தி என்ற பெயருக்கு ஆங்கிலத்தில் நாம் எழுதியபடி 25 எழுத்துகள். நடுவே 24 இடங்கள். 24 முறை இரட்டித்தால் 1,67,77,216 வழிகள். அத்தனை வழிகளும் அதே புள்ளியில் போய் முட்டுகின்றன. பைத்தானில் இது சில நொடிகள் எடுக்கும். 30 எழுத்தென்றால் 53 கோடி வழிகள். 40 எழுத்தென்றால் 54,975 கோடி; மணிக்கணக்கில் காத்திருந்தாலும் பதில் வராது. கணினியை இரண்டு மடங்கு வேகமானதாக மாற்றினால் ஓர் எழுத்து கூடுதலாகத் தாங்கும். வன்பொருளுக்குச் செலவழித்துத் தப்பிக்க வழியில்லை என்பதற்கு இந்த ஒரு கணக்கு போதும்.

மறதியை இங்கே மீண்டும் பாருங்கள். அந்தப் பெயரில் நிற்கக்கூடிய இடங்கள் வெறும் 25. "எட்டாவது எழுத்திலிருந்து புதிய தொகுதி தொடங்கினால் தேறாது" என்று ஒருமுறை தெரிந்தால் போதும். என்ஜினோ எட்டாவது எழுத்துக்கு வேறொரு பாதையில் வந்து சேரும்போதெல்லாம், அங்கிருந்து மிச்சத்தை முதன்முறை பார்ப்பதுபோல் பார்க்கிறது. இடங்கள் குறைவு, பாதைகள்தான் கோடிக்கணக்கில்.

சோதனையில் ஏன் மாட்டவில்லை?

இந்தப் பேட்டர்னுக்கு யூனிட் டெஸ்ட் எழுதியிருந்தால் பெரும்பாலும் எல்லாமே பச்சை விளக்கு காட்டியிருக்கும். சரியான பெயரைக் கொடுத்தால் என்ஜின் முதல் வழியிலேயே வென்றுவிடுகிறது. நூறு எழுத்துள்ள பெயராக இருந்தாலும் ஒரே ஓட்டம்தான். வழிகள் பல இருப்பது வெற்றியின்போது வெளியே தெரியாது. "பொருந்தவில்லை" என்று சொல்வதற்குத்தான் எல்லா வழிகளையும் பார்த்துத் தீர்க்க வேண்டும்.

தவறான பெயரையும் சோதித்திருப்பார்களே என்று கேட்கலாம். சோதித்திருப்பார்கள்; `ravi1`, `@kumar` போன்ற குட்டிப் பெயர்களை வைத்து. நான்கு எழுத்துக்கு எட்டு வழிதான். தவறு முதல் எழுத்திலேயே இருந்தால் அதுவும் இல்லை. பேட்டர்ன் உறைய வேண்டுமென்றால் மூன்று ஒன்றுசேர வேண்டும். பொருந்தக்கூடிய நீண்ட பகுதி வர வேண்டும். அதற்குப் பின்னால் பொருந்தாத ஒரு குறி நிற்க வேண்டும். அந்த நீண்ட பகுதியைப் பல விதமாகப் பிரிக்கப் பேட்டர்ன் இடம்தர வேண்டும். கையால் தட்டும் சோதனைத் தரவில் இந்த மூன்றும் சேர்வது அபூர்வம். லட்சம் பேர் பயன்படுத்தும் தளத்தில் ஒருநாள் சேர்ந்தே தீரும். தீய எண்ணத்தோடு வேண்டுமென்றே சேர்த்து அனுப்புபவரும் உண்டு. அந்தத் தாக்குதலுக்கு ரீடாஸ் என்று பெயரே இருக்கிறது.

உறைந்தது ரெஜெக்ஸ்தான் என்று எப்படித் தெரியும்?

இந்த நோய்க்குச் சத்தம் இல்லை. எரர் வராது, லாகில் ஒரு வரி விழாது. சிபியுவின் ஒரு கோர் நூறு சதவீதத்தில் நிற்கும், மெமரியோ ஏறாமல் அப்படியே இருக்கும். முடிவில்லாத லூப் போலத்தான் தெரியும். ஆனால் கோடில் தேடினால் லூப் எதுவும் கிடைக்காது.

நோட் ஜேஎஸ் சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட் ஒரே திரெட்டில் ஓடுவதால், ஒருவர் அனுப்பிய ஒரு பெயர் மற்ற எல்லாருடைய கோரிக்கைகளையும் நிறுத்திவிடும். பைத்தானின் `re` மாட்யூல் ஓடும் நேரம் முழுக்க ஜில் என்ற பூட்டைத் தன்னிடமே வைத்திருக்கும். அதனால் அந்தப் புராசஸின் மற்ற திரெட்களும் காத்துக் கிடக்கும். கியூவிலிருந்து வேலையை எடுக்கும் வொர்க்கர் என்றால் கதை இன்னும் நீளும். உறைந்த வொர்க்கரைக் கண்காணிப்பு மென்பொருள் கொன்று புதிதாகத் தொடங்கும். முடியாத அதே மெசேஜ் மீண்டும் கியூவுக்கு வரும். புதிய வொர்க்கரும் அதையே எடுத்து உறையும். ரீஸ்டார்ட் செய்தும் தீராமல், ஒவ்வொரு வொர்க்கராக ஒரே மாதிரி விழுந்தால் இந்தக் கோணத்தில் சந்தேகப்படலாம்.

உறுதிசெய்ய, ஓடிக்கொண்டிருக்கும் புராசஸின் ஸ்டேக்கைச் சில நொடி இடைவெளியில் இரண்டு மூன்று முறை எடுத்துப் பாருங்கள். ஜாவாவில் `jstack`, பைத்தானில் `py-spy dump` உதவும். ஒவ்வொரு முறையும் `java.util.regex.Pattern` வகுப்புகளுக்குள்ளேயோ, ரெஜெக்ஸை அழைக்கும் அதே வரியிலேயோ அது நின்றால் ஆள் அகப்பட்டுவிட்டார். பி.எச்.பி. பயன்படுத்துபவர்களுக்கு வேறொரு அடையாளம் உண்டு. அங்கே பின்வாங்கலுக்கு உச்சவரம்பு இருப்பதால், அதை மீறும்போது `preg_match` உறையாமல் `false` என்று திருப்பிக் கொடுத்துவிடும். "பொருந்தவில்லை" என்பதற்கு அது கொடுப்பது 0. இரண்டையும் ஒன்றாகப் பாவித்து எழுதியிருந்தால், புரோகிராம் உறையாது. அதற்குப் பதில் தவறான முடிவு சத்தமில்லாமல் உள்ளே போய்விடும்.

எந்த வகை நோய் என்பதை அறிய நீளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி நேரத்தை அளந்தால் போதும்:

```python
import re, time
pat = re.compile(r'^([a-z]+ ?)+$')
for n in range(18, 27):
    s = 'a' * n + '.'
    t = time.perf_counter()
    pat.match(s)
    print(n, time.perf_counter() - t)
```

ஓர் எழுத்து கூடும்போதெல்லாம் நேரம் இரட்டித்தால் அது கடுமையான வகை. நீளமே இரண்டு மடங்காகும்போது நேரம் நான்கு மடங்கானால் ஸ்டேக் ஓவர்ஃப்ளோ வகை. மேலே உள்ள கோடை 26-க்கு மேல் ஓட்டுவதானால் ஒவ்வொன்றாகவே கூட்டுங்கள். நேரடியாக 40 கொடுத்தால் அன்றைய வேலை அதோடு முடிந்தது.

ஒவ்வோர் எழுத்துக்கும் ஓரிடம்

நோயின் வேர் என்ஜினின் மறதி என்றாலும், நம் கையில் இருப்பது பேட்டர்ன்தான். அதில் தேட வேண்டியது ஒரே விஷயம்: ஒரே எழுத்தை விழுங்க இரண்டு இடங்கள் போட்டியிடுகின்றனவா?

நம் பெயர்ப் பேட்டர்னில் போட்டி இருக்கிறது. ஐந்தாவது எழுத்தான `u`, உள்ளே இருக்கும் `+` குறியின் அடுத்த சுற்றாகவும் சேரலாம். வெளியே இருக்கும் `+` குறியின் புதிய தொகுதியாகவும் தொடங்கலாம். இரண்டும் செல்லும் என்பதால்தான் வழிகள் இரட்டிக்கின்றன. இந்தக் குழப்பத்துக்குக் காரணம் இடைவெளிக்குப் பின்னால் இருக்கும் கேள்விக்குறி. இடைவெளி கட்டாயம் இல்லையென்றால் ஒரு சொல் எங்கே முடிகிறது என்பதைச் சொல்ல எதுவும் இல்லை. எழுதியவர் மனதில் இருந்ததோ வேறு: இரண்டு சொல்லுக்கு நடுவே இடைவெளி நிச்சயம் இருக்கும் என்றுதான் அவர் நினைத்தார். அதையே எழுதிவிடலாம்:

```
^[a-z]+( [a-z]+)* ?$
```

ஒரு சொல், அதன்பின் "இடைவெளியும் சொல்லும்" எத்தனை முறை வேண்டுமானாலும், கடைசியில் ஓர் இடைவெளி இருந்தால் இருக்கட்டும். பழைய பேட்டர்ன் ஏற்ற அதே பெயர்களைத்தான் இதுவும் ஏற்கும். ஒன்றுகூட அதிகமில்லை, குறைவில்லை. ஆனால் புதிய சொல் தொடங்க வேண்டுமானால் இடைவெளியைக் கடந்தாக வேண்டும். `u` இப்போது முதல் சொல்லில் மட்டுமே இருக்க முடியும். புள்ளியில் முட்டியதும் என்ஜின் 24 முறை பின்வாங்கிப் பார்க்கும். ஒவ்வொரு முறையும் அடுத்து நிற்பது எழுத்து, இடைவெளி அல்ல என்பதால் உடனே கைவிடும். 1.67 கோடி வழிகள் சில டஜன் படிகளாகச் சுருங்கிவிட்டன.

போட்டி எப்போதும் அடைப்புக்குறிக்குள் ஒளிந்திருக்கும் என்பதில்லை. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு குறிகளுக்கு இடையிலும் வரலாம். 2019 ஜூலை 2 அன்று கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் தன் பாதுகாப்பு வடிப்பானில் புதிய விதி ஒன்றைச் சேர்த்ததும், உலகெங்கும் உள்ள அதன் சர்வர்களின் சிபியு உச்சத்துக்குப் போனது. அவர்கள் வழியாகப் போகும் இணையப் போக்குவரத்து மோசமான கட்டத்தில் 82 சதவீதம் விழுந்தது; நிலைமை கட்டுக்குள் வர 27 நிமிடம் ஆனது. அந்த விதியில் குற்றவாளியாக இருந்த பகுதியின் சாரம் `.*.*=.*` என்பதே. முதல் `.*` எதையும் விழுங்கும். இரண்டாவதும் எதையும் விழுங்கும். இருவருக்கும் நடுவே எல்லைக்கோடு இல்லை. உரையில் சமக்குறி இல்லாவிட்டால், எது எவ்வளவு விழுங்குவது என்ற பங்கீட்டை எல்லா விதத்திலும் போட்டுப் பார்க்க வேண்டும். `.*=` என்று ஒன்றே போதுமாக இருந்த இடம் அது.

பேராசை `+` குறிக்குப் பதிலாகச் சிக்கனமான `+?` போட்டால் தீரும் என்று பலர் நம்புகிறார்கள். தீராது. அது வழிகளைப் பார்க்கும் வரிசையை மட்டுமே மாற்றும். தோல்வியைச் சொல்ல எல்லா வழியையும் பார்த்தாக வேண்டும் என்ற நிலை மாறாது.

வேலை செய்யும் மாற்று ஒன்று உண்டு. விழுங்கியதைத் திரும்பக் கொடுக்காதே என்று என்ஜினுக்கே சொல்லிவிடலாம். ஜாவாவிலும் பி.எச்.பி.யிலும், 3.11 முதல் பைத்தானிலும் இதற்கு இரட்டைக் கூட்டல்குறி இருக்கிறது:

```
^([a-z]++ ?)+$
```

இதில் `[a-z]++` 25 எழுத்தையும் எடுத்தால் எடுத்ததுதான். பின்வாங்கல் இல்லை, புள்ளியைக் கண்டதும் தோல்வி உடனே அறிவிக்கப்படும். பேட்டர்னை அதிகம் மாற்றத் துணிவில்லாத பழைய கோடில் இது கைகொடுக்கும். ஜாவாஸ்கிரிப்டில் இந்த வசதி இல்லை. அங்கே பேட்டர்னைத் திருத்தி எழுதுவதே வழி.

ஸ்டேக் ஓவர்ஃப்ளோ குழு செய்ததோ இதைவிட எளிது. அந்த ரெஜெக்ஸையே தூக்கிவிட்டு, சரத்தை வெட்டும் சாதாரண ஃபங்ஷனை வைத்தார்கள். முன்னும் பின்னும் வெற்றிடம் நீக்குவது, ஒரு குறியில் பிரிப்பது, ஒரு சொல்லில் தொடங்குகிறதா என்று பார்ப்பது போன்றவற்றுக்குப் பெரும்பாலான மொழிகளில் நேரடி ஃபங்ஷன்கள் உண்டு. பைத்தானின் `rstrip` வரியின் கடைசியிலிருந்தே பார்க்கத் தொடங்கும்; மனிதர் செய்வதுபோல.

உள்ளீட்டின் நீளத்துக்கு வரம்பு வைப்பதும் நல்ல பழக்கம்தான். ஆனால் அது எதைக் காக்கும் என்பதில் தெளிவு வேண்டும். ஆயிரம் எழுத்து என்ற வரம்பு ஸ்டேக் ஓவர்ஃப்ளோ வகைக்குப் போதும். ஆயிரத்துக்கு ஐந்து லட்சம் படிகள், கண்ணிமைக்கும் நேரம். பெயர்ப் பேட்டர்னுக்கு ஐம்பது என்ற வரம்பே பயனற்றது. கால வரம்பு இன்னும் உறுதியான வேலி: டாட்நெட்டில் ரெஜெக்ஸை உருவாக்கும்போதே நேர வரம்பு கொடுக்கலாம், ரூபியில் 3.2 முதல் `Regexp.timeout` இருக்கிறது. பைத்தானின் `re` மாட்யூலில் அப்படி ஒன்று இல்லை.

மறக்காத என்ஜினும் உண்டு

இத்தனை பாடும் படாமல் இருக்க வழி இல்லையா என்றால், 1968-லேயே இருந்தது. பின்னாளில் யுனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன் அந்த ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் வேறொரு முறையைக் காட்டினார். ஒரு வழியைக் கடைசிவரை பிடித்துப் போய்த் திரும்பி வருவதற்குப் பதிலாக, சாத்தியமான எல்லா நிலைகளையும் கையில் வைத்துக்கொண்டு உரையை எழுத்து எழுத்தாக ஒரே ஒருமுறை நடப்பது அந்த முறை.

நம் பெயருக்கு அதைப் பொருத்திப் பாருங்கள். எட்டாவது எழுத்தை முடித்த நிலையில், "உள்ளே இருக்கும் சுற்றில் தொடரலாம்", "புதிய தொகுதி தொடங்கலாம்", "இத்தோடு முடிக்கலாம்" என்று நாலைந்து நிலைகள்தான் இருக்க முடியும். அங்கே எத்தனை பாதைகளில் வந்து சேர்ந்திருந்தாலும், ஒரே நிலையில் இருப்பவை ஒன்றாகிவிடுகின்றன. புள்ளி வந்ததும் எல்லா நிலைகளும் ஒரே நேரத்தில் அணைந்துவிடும். வேலையின் அளவு, உரையின் நீளத்தைப் பேட்டர்னின் நீளத்தால் பெருக்கிய அளவைத் தாண்டாது.

கோ மொழியின் `regexp`, ரஸ்ட் மொழியின் `regex`, கூகுள் வெளியிட்ட ஆர்.ஈ.2 ஆகியவை இந்த வழியில் வந்தவை. டாட்நெட் 7-லும் `RegexOptions.NonBacktracking` என்று கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ரூபி 3.2 இடைவழி ஒன்றைப் பிடித்தது: பின்வாங்கும் என்ஜினையே வைத்துக்கொண்டு, தோற்ற இடங்களைக் குறித்துவைக்கும் பழக்கத்தைப் பல பேட்டர்ன்களுக்கு அதற்குக் கற்றுக்கொடுத்தது. கிளவுட்ஃப்ளேரும் அந்த விபத்துக்குப் பிறகு, நேரத்துக்கு உத்தரவாதம் தரும் என்ஜினுக்கு மாறுவதாக அறிவித்தது.

பிறகு ஏன் பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், பி.எச்.பி. எல்லாம் இன்னும் பின்வாங்கும் முறையிலேயே இருக்கின்றன? பெர்ல் காலத்திலிருந்து ரெஜெக்ஸில் பல வசதிகள் சேர்ந்துவிட்டன. முன்பு பொருந்திய அதே சொல் மறுபடி வருகிறதா என்று பார்க்கும் `\1`, முன்னால் என்ன இருக்கிறது என்று எட்டிப்பார்க்கும் `(?=...)` போன்றவை அவற்றில் சில. இவற்றை நேரடியாக எழுதப் பின்வாங்கும் முறை வசதியானது. `\1` வந்துவிட்டால், முன்பு என்ன பொருந்தியது என்பதையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும். கைவிரலில் எண்ணக்கூடிய நிலைகள் என்ற கணக்கு உடைந்துவிடும். அதனால்தான் ஆர்.ஈ.2 இந்த வசதிகளை ஏற்பதில்லை. பல ஆண்டுகளாக அவற்றை நம்பி எழுதப்பட்ட கோடை உடைக்க எந்த மொழியும் தயாராக இருக்காது.

புதிதாகத் தொடங்கும் வேலையில், வெளியாட்கள் எழுதும் பேட்டர்னையோ வெளியாட்கள் அனுப்பும் உரையையோ கையாள வேண்டியிருந்தால், ஆர்.ஈ.2 வகை என்ஜினைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஏற்கெனவே ஓடும் கோடில் அப்படி மாற்ற முடியாதபோது, ஒவ்வொரு ரெஜெக்ஸுக்கும் தோற்கும் சோதனை ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். பேட்டர்ன் விரும்பி விழுங்கும் எழுத்துகளை நீளமாகக் கோத்து, கடைசியில் அதற்குப் பிடிக்காத ஒரே ஒரு குறியை வைக்க வேண்டும்:

```python
def test_long_bad_name():
    s = 'a' * 5000 + '.'
    t = time.perf_counter()
    assert not is_valid_name(s)
    assert time.perf_counter() - t < 0.1
```

திருத்திய பேட்டர்ன் இதைச் சிரமமில்லாமல் கடந்துவிடும். பழைய பேட்டர்ன் இருந்தால் கடைசி வரி வரை சோதனை வந்து சேரவே சேராது. அதனால் சோதனை ஓட்டிக்கும் ஒரு நேர வரம்பு வைத்துவிடுங்கள். அது அடித்து நிறுத்தினால், எந்த ரெஜெக்ஸைத் திருத்த வேண்டும் என்பது அப்போதே தெரிந்துவிடும்.